மறு: ‘சர்வைவர்ஷிப் பயஸ்’ தமிழில் என்ன சொல்லலாம்?

கவிதா, கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். பங்குச்சந்தையில் கால் வைக்கப் பார்க்கிற நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதிக்கிட்டிருக்கேன். பழைய விலைகளை வைத்து ஒரு உத்தியைச் சோதிக்கிற அத்தியாயத்தில் ‘சர்வைவர்ஷிப் பயஸ்’ வருது, அதாவது கடைசிவரை நின்னதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடற தப்பு. ‘பிழைத்தோர் சார்பு’ என்று எழுதிப் பார்த்தேன். தமிழ் மீடியத்தில் கணக்குப் படிச்சவங்களுக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன்தான். ‘சாய்வு’ என்றால் கோட்டின் சாய்வு. மலையாளத்தில் படிச்ச பிள்ளைகள் ‘அதிஜீவனம்’ என்கிறாங்க, அதைக் கேட்டா ஏதோ வெள்ளத்தில் தப்பிய கதை மாதிரி இருக்கு. வேற சொல் இருந்தா சொல்லுங்க.

ராமசாமி, முதலமடை

டீச்சர், தப்பிப் பிழைச்சது பத்திக் கேக்கறீங்கன்னு நினைச்சு எழுதறேன். வறட்சியில எங்க தென்னந்தோப்புல நிறைய மரம் போச்சு. அதுக்கப்புறம் மரத்துக்குச் சராசரிக் காய் முன்னைவிடக் கூடியிருக்கு. உரக்கடைக்காரர் அவர் உரந்தான் காரணம்கிறார். மொத்தக் காய் என்னமோ குறைஞ்சுதான் இருக்கு. காப்பீட்டுக்கு எழுதும்போது பட்டுப்போன மரத்தையும் கணக்குல சேர்க்கணுமா?

முருகேசன், வேலந்தாவளம்

காப்பீட்டு விஷயம் எனக்குத் தெரியாதுங்க ஐயா, கிருஷிபவன்ல கேட்டுக்குங்க. ஆனா டீச்சர் கேட்டதும் இதேதான். வலுவில்லாத மரம் பட்டுப்போனதால சராசரி ஏறுச்சு, அந்தப் பேரை உரம் தட்டிக்கிட்டுப் போகுது.

சந்தைக்கு வர்றேன். நம்ம ஆட்கள் அடிக்கடி சோதிக்கிற உத்தி ஒண்ணு: ஒரு வருஷ உச்ச விலையில் பாதிக்கு இறங்கின பெரிய கம்பெனிப் பங்கை வாங்கு, மூணு வருஷம் கழிச்சு வித்துடு. ‘பெரிய கம்பெனி’ என்பதற்கு எதை எடுக்கிறாங்க? இன்றைக்கு இருக்கிற நிஃப்டி 50 பட்டியலை இறக்கி, அந்த ஐம்பதுக்கும் பதினைந்து வருஷ விலையைப் போட்டு ஓட்டுறாங்க. பட்டியல் இன்றையது, விலை அன்றையது. தப்பு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கு.

சின்னக் கணக்கா சொல்றேன். ஐந்து பங்கு பாதிக்கு இறங்குது, ஒவ்வொண்ணிலும் 10,000 போடறோம். மூணு மீண்டு வந்து இரட்டிப்பாகுது. இரண்டு எழுந்திருக்கவே இல்லை, ஒண்ணுமில்லாமல் போகுது. உண்மைக் கணக்கில் 50,000 போட்டு 60,000 வந்திருக்கு. மூணு வருஷத்துக்கு இருபது சதவீதம், அதாவது வருஷத்துக்கு ஆறு சொச்சம். எழுந்திருக்காத இரண்டும் இன்றைய பட்டியலில் இருக்காது. அதனால சோதனைக்கு அந்த மூணு மட்டுமே கண்ணில் படும்: 30,000 போட்டு 60,000, நூறு சதவீதம். உத்தி ஒண்ணுதான், விலையிலும் பொய் இல்லை, ஆனாலும் விடை அஞ்சு மடங்கு.

இறங்கினதை வாங்கற உத்திக்குத்தான் இந்த அடி பலமா விழும். இறங்கி மீளாத பங்கைத்தான் பட்டியல் கழிச்சு வெளியே போடுது, இந்த உத்தி வாங்கறதும் அதே பங்கைத்தான். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், யூனிடெக், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ், சத்யம் எல்லாம் ஒரு காலத்தில் நிஃப்டியில் இருந்தவைதான்.

நசீர், புதுநகரம்

முருகேசு சொல்றது சரி, ஆனா அப்படிப் பார்த்தா நிஃப்டியே பொய்தானே? மோசமானதைத் தூக்கிட்டு நல்லதைச் சேர்த்துக்கிட்டே போறாங்க. குறியீடு ஏறாம என்ன செய்யும்? இதுக்கு வழி, வருஷத்தைக் கூட்டறதுதான். அஞ்சு வருஷத்துக்குப் பதில் இருபது வருஷம் ஓட்டினா நல்லதும் கெட்டதும் சமனாயிடும். ஒரு பயிற்சி வகுப்புல காட்டின சோதனையும் இருபது வருஷத்துக்கு. அதை நம்பித்தான் நான் பணம் கட்டினேன்.

முருகேசன், வேலந்தாவளம்

நசீர் பாய், ஆள் மாறிக்கிட்டே இருக்கு என்கிறது சரி. ஆனா குறியீடு பொய் இல்லை. ஒரு பங்கைத் தூக்கற நாள் வரைக்கும் அதோட நட்டம் குறியீட்டுக்குள்ளதான் ஏறுது. யெஸ் பேங்க் 2015-ல் நிஃப்டிக்குள் வந்து 2020 மார்ச்சில்தான் வெளியே போச்சு. அது விழுந்த நட்டம் அன்றைய நிஃப்டியில் இருக்கு. இன்றைய ஐம்பது பேரை வைத்து நாமளா ஓட்டற சோதனையில் அது கிடையாது.

வருஷத்தைக் கூட்டினா சமனாகாது பாய், மோசமாகும். பின்னால போகப் போக அன்றைய பட்டியலுக்கும் இன்றைய பட்டியலுக்கும் இடைவெளி கூடுது. அந்த வகுப்புக்காரங்க எந்த வருஷப் பட்டியலை எடுத்தாங்கன்னு கேட்டீங்களா?

இன்னொரு பக்கமும் உண்டு. பஜாஜ் ஃபைனான்ஸ் நிஃப்டிக்குள் வந்தது 2017-ல். அதுக்கு முன்னாடியே பல மடங்கு ஏறி, ஏறினதாலேயே உள்ளே வந்த பங்கு. இன்றைய பட்டியலை வைத்து 2010-ல் இருந்து ஓட்டினா, ‘பெரிய கம்பெனி’ன்னு சொல்லி அது சின்னதா இருந்தப்பவே வாங்கின மாதிரி கணக்கு வரும். அன்றைக்கு யாருக்கும் அந்தப் பட்டியல் கையில் இல்லை.

அனு, சித்தூர்

அண்ணா, யெஸ் பேங்கை உங்க உத்தியில் போட்டு முழுசா காட்டுங்களேன்.

முருகேசன், வேலந்தாவளம்

காட்டறேன் அனு. 2018 ஆகஸ்டில் அது 400 ரூபாயை ஒட்டி உச்சத்தில் இருந்தது. செப்டம்பர் கடைசியில் 200-க்குக் கீழே வந்துடுச்சு. உத்தி ‘வாங்கு’ங்குது. ஒரு லட்சம் போட்டா சுமார் 500 பங்கு. 2020 மார்ச் 5 சாயங்காலம் ரிசர்வ் வங்கி அதுல பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்டது, மறுநாள் ஒரே நாளில் பாதிக்கு மேல போச்சு. மூணு வருஷம் முடியற 2021 செப்டம்பரில் விலை 12, 13 ரூபாய். ஒரு லட்சம் ஆறாயிரம் சொச்சமா நிக்குது.

இதை எழுதற ஆள் ‘வித்தாச்சு’ன்னு வரியை முடிச்சிடுவார். ஆனா முழுசா வித்திருக்க முடியாது. சீரமைப்புத் திட்டத்தில், 100 பங்குக்கு மேல் வெச்சிருந்தவங்களுக்கு முக்கால் பங்கை மூணு வருஷத்துக்குப் பூட்டிட்டாங்க. 500-ல் 375 பூட்டுக்குள்ளே, 2023 மார்ச் வரைக்கும். விலைக் கோப்பில் தினமும் ஒரு விலை இருக்கு, வித்த அளவும் இருக்கு. பூட்டு இருந்ததைச் சொல்ற கட்டம் எந்த விலைக் கோப்பிலும் கிடையாது. அந்த மார்ச்சிலேயே அது சில நாளில் பல மடங்கு துள்ளினதும் கோப்பில் இருக்கு. அதைப் பார்த்து ‘உச்சத்தில் வித்தேன்’னு லாபம் காட்டற சோதனைகளை நான் பார்த்திருக்கேன். 100 பங்குக்குள்ள வெச்சிருந்தவங்களுக்கு வேணா அது முடிஞ்சிருக்கும்.

கவிதா, கொழிஞ்சாம்பாறை

அப்போ அன்றன்றைய பட்டியலை எடுத்தா போதுமா முருகேசன்? பழைய விலை எங்கே கிடைக்கும்?

முருகேசன், வேலந்தாவளம்

பட்டியலில் யார் எந்தத் தேதியில் உள்ளே, யார் வெளியே என்பது தேசியப் பங்குச்சந்தையின் குறியீட்டுப் பிரிவு விடற அறிவிப்புகளில் இருக்கு. உட்கார்ந்து தொகுக்கணும், பொறுமை வேணும். விலைக்கு பவ்காப்பி, சந்தை தினமும் விடற விலைக் கோப்பு. அந்தந்த நாள் வியாபாரமான எல்லாப் பங்கும் அந்தந்த நாள் கோப்பில் இருக்கும். டி.ஹெச்.எஃப்.எல் வீட்டுக்கடன் கம்பெனி மாதிரி 2021-ல் சந்தையை விட்டே போய், பங்குதாரருக்கு ஒண்ணும் கிடைக்காமல் முடிஞ்சதும் பழைய கோப்பில் அப்படியே இருக்கு. இலவசத் தளங்களில் தேடினா இந்த மாதிரிப் பேருக்குப் பாதி நேரம் வெறும் பக்கம்தான் வரும். நிரல் எழுதறவர் ‘தரவு இல்லை’ன்னு அதைத் தாண்டிப் போயிடறார்.

பவ்காப்பி எடுத்தவங்களும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. பழைய கோப்புகளைப் படிக்கிற நிரல்களில் எல்லாரும் போடற வரி:

```python
df = df[df["SERIES"] == "EQ"]
```

கடன் பத்திரம், உரிமைப் பங்கு எல்லாம் ஒதுங்கட்டும்னு நல்ல எண்ணத்தில் போடறது. ஆனா ஒரு பங்கைக் கண்காணிப்புக்குக் கொண்டுபோனா அதை `BE` வரிசைக்கு மாத்துவாங்க. விதியை மீறின கம்பெனி `BZ`-க்குப் போகும். சிக்கலில் மாட்டின பங்கு சரியா அந்த நாளில் உங்க தரவிலிருந்து காணாமப் போயிடும். கடைசியாப் பார்த்த விலையை வைத்து நிரல் கணக்கை முடிச்சிடும், அதுக்கப்புறம் நடந்த சரிவு தெரியவே தெரியாது. கதவு வழியா வெளியே அனுப்பின தப்பு ஜன்னல் வழியா வந்துடுச்சு. இப்படிப் போடணும்:

```python
df = df[df["SERIES"].isin(["EQ", "BE", "BZ"])]
```

பவ்காப்பியில் பங்குப் பிரிப்பு, போனஸ் எதையும் சரிக்கட்டி இருக்காது. ஐஷர் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்டில் ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சது. 21,000-க்கு மேல் இருந்த விலை அடுத்த வியாபார நாளில் பத்தில் ஒண்ணு பக்கம். நம்ம உத்தி அதைத் தொண்ணூறு சதவீதச் சரிவுன்னு நினைச்சு ஓடிப் போய் வாங்கும்.

நசீர், புதுநகரம்

அது எளிசு. ஒரே நாள்ல விலை பாதி, அஞ்சில ஒண்ணு, பத்தில ஒண்ணுன்னு வந்தா பிரிப்புன்னு நிரலே எடுத்துக்கிட்டுப் பழைய விலையை வகுத்துடட்டும். கை வேலை எதுக்கு?

முருகேசன், வேலந்தாவளம்

2009 ஜனவரி 7, சத்யம். கணக்கில் மோசடின்னு தலைவரே கடிதம் எழுதின நாள். விலை 179-லிருந்து 40 பக்கம், கிட்டத்தட்ட அஞ்சில ஒண்ணு. கொஞ்சம் தாராளமா எல்லை வெச்சிருந்தா உங்க நிரல் அதை ஒண்ணுக்கு அஞ்சு பிரிப்புன்னு எடுத்து, பழைய விலையை எல்லாம் வகுத்து, நாட்டையே உலுக்கின சரிவை நேர்க்கோடா ஆக்கிடும் பாய். நாற்பது சதவீதத்துக்கு மேல ஒரே நாளில் மாறின வரியை எல்லாம் தனியா எடுத்து, ஒவ்வொண்ணையும் கம்பெனி அறிவிப்போட ஒத்துப் பார்க்கறதுதான் நான் செய்யறது. பெரிய பங்குகளில் அப்படிப்பட்ட நாள் அதிகம் வராது, ஒரு சாயங்காலத்து வேலைதான்.

அனு, சித்தூர்

சொல்லுக்கு வர்றேன். ‘பிழைத்தோர்’ என்றாலே மத்தது செத்துப்போச்சு என்று ஆகுது. ஹெச்.டி.எஃப்.சி லிமிடெட் இன்றைய பட்டியலில் இல்லை. அது சாகலை, 2023 ஜூலையில் ஹெச்.டி.எஃப்.சி வங்கியோட சேர்ந்துச்சு, 25 பங்குக்கு 42 வங்கிப் பங்கு கொடுத்தாங்க. பல வருஷம் நல்லா ஓடின பங்கு விட்டுப்போறதும் இதே பிழைதான், இங்கே சோதனை விடை குறைவாகவும் வரலாம். அதனால ‘எஞ்சியோர் பிழை’ என்பேன். எஞ்சினது ஏன் எஞ்சுச்சு என்று அந்தச் சொல் முடிவு சொல்லாது.

ராமசாமி, முதலமடை

எங்க பக்கம் ‘மீந்தது’ன்னுதாம்மா சொல்லுவோம். மீந்த மரம், மீந்த காய்.

முருகேசன், வேலந்தாவளம்

‘பிழை’ன்னா டைப்பிங் தப்பு மாதிரி, திருத்தினா போயிடும்னு தோணுது. இது ஒரே பக்கமா இழுக்கற தப்பு, அந்த இழுப்பு சொல்லில் வரணும். ‘எஞ்சியோர் சாய்வு’ன்னே வைங்க, கணக்கு வாத்தியார்கள் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

அனு, சித்தூர்

ஒரே பக்கமாத்தான் இழுக்கும் என்று எப்படிச் சொல்றீங்க அண்ணா? அதைத்தானே மறுத்துச் சொன்னேன்.

முருகேசன், வேலந்தாவளம்

இறங்கினதை வாங்கற உத்திக்கு மேல்நோக்கித்தான் இழுக்கும். எல்லா உத்திக்கும் அப்படின்னு நான் சொல்ல மாட்டேன், அதுல உன் பேச்சு சரி.

கவிதா, கொழிஞ்சாம்பாறை

இப்போதைக்குத் தலைப்பில் ‘எஞ்சியோர் சாய்வு’, உள்ளே முதல் தடவை வரும்போது அனு சொன்ன ஹெச்.டி.எஃப்.சி உதாரணத்தோட எழுதறேன். ‘மீந்தது’ எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா தொகைச்சொல்லா அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. யாருக்காவது தோணினா ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்க, அச்சகத்துக்குத் திங்கள் போகுது. நசீர் பாய், அந்த வகுப்புக்காரங்க எந்தத் தேதிப் பட்டியல் என்று பதில் சொன்னா இங்கே போடுங்க.