ட்ரெய்னி என்று சொல்லி 7 மாதமாகச் சம்பளம் இல்லை, எங்கே மனு கொடுப்பது?

என் தம்பி ஐடிஐ டர்னர் முடித்தவன். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து 7 மாதம் ஆகிறது. பஸ்ஸும் சாப்பாடும் தருகிறார்கள், ஒரு ரூபாய்கூடச் சம்பளம் இல்லை.

கற்றுக்கொடுத்தது முதல் மூன்று வாரம்தான். அப்புறம் நைட் ஷிஃப்டில் ஒரு சிஎன்சி மெஷினைத் தனியாகப் பார்க்கிறான். ஷிஃப்டுக்கு 180 பீஸ். அந்த உற்பத்தித் தாளில் "ஆபரேட்டர்" என்ற கட்டத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது, பக்கத்தில் சூப்பர்வைசர் கையெழுத்து.

ஹெச்ஆரிடம் கேட்டோம். "அப்ரண்டிஸ் தொழிலாளி கிடையாது" என்கிறார். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன் 18-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது, அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி பெறுபவருக்குத்தான். ஒப்பந்தத்தைப் பதிவுக்கு அனுப்ப வேண்டும், உதவித்தொகையும் கட்டாயம். இவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. apprenticeshipindia.gov.in தளத்தில் அவன் கணக்கில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அப்படியென்றால் இவன் வேலையாள்தான் என்பது என் எண்ணம்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். நியமனக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். அது தரவே இல்லையே! கையில் இருப்பது நான்கு மாத உற்பத்தித் தாள்களின் போட்டோ, வாட்ஸப்பில் வந்த ஷிஃப்ட் பட்டியல், கேட் பாஸ். இன்னும் வேலையில்தான் இருக்கிறான்.

நியமனக் கடிதம் இல்லாமல், இந்த ஆதாரங்களை வைத்து 7 மாதச் சம்பளம் கேட்டு எந்த அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்?