மயில்துத்தத்தின் எடை இறங்கும்போது: ‘படி’யா, ‘இறக்க’மா?

கல்லூரி ஆசிரியை, சேலம்:
வணக்கம். எங்கள் ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்பைச் சூடாக்கிக்கொண்டே எடையைப் பதியும் முறைக்கு ‘வெப்ப எடையறி பகுப்பாய்வு’ என்றும், உள்ளே இருப்பதற்குப் ‘படிகநீர்’ என்றும் வைத்திருக்கிறேன். கோடு விழும் இடத்தைப் ‘படி’ என்று எழுதினேன். மாணவர்களோ விழுந்தபின் சமமாக ஓடும் பகுதியைப் படி என்று எண்ணுகிறார்கள். வேறு சொல் சொல்லுங்கள்.

எடுத்துக்காட்டு மயில்துத்தம், CuSO4·5H2O. நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றினோம். தொடக்கத்தில் 10.00 மி.கி. 150 டிகிரி பக்கம் 7.21-ல் நின்றது. 280-ல் 6.48. அதற்கப்புறம் 600 டிகிரி வரை அசையவில்லை. கடைசியில் கறுப்பாக 3.23 மி.கி. மிஞ்சியது. கணக்குப் போட்டால் ஐந்து நீர் வரவில்லை, 4.8தான் வருகிறது. இதையும் யாராவது பாருங்கள்.

முதுகலை மாணவர், ஆத்தூர்:
மேடம், ‘படி’யே இருக்கட்டும். நான்கு நீர் தாமிரத்தோடு ஒட்டியிருக்கிறது, ஐந்தாவது சல்ஃபேட்டோடு. அதனால் முதல் படியில் தாமிரத்து நீர், அடுத்ததில் சல்ஃபேட் நீர். ‘தாமிர நீர்ப்படி’, ‘சல்ஃபேட் நீர்ப்படி’ என்றே பெயர் வைத்துவிடலாமே. 0.2 குறைவது எடை பார்ப்பதில் வந்த பிழையாக இருக்கும்.

காபித் தோட்டக்காரர், ஏற்காடு:
எங்களுக்கு மயில்துத்தம் போர்டோ கலவைக்கு. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. வெயில் காலத்தில் மூட்டையின் வாயில் நீலம் போய் வெளுத்துப் பொடியாகக் கிடக்கிறது. அது கெட்டுப்போனதா? அளவைக் கூட்ட வேண்டுமா?

ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர், சூரமங்கலம்:
முதலில் தோட்டத்துக்காரருக்கு. கெடவில்லை, நீரைத்தான் இழந்திருக்கிறது. நீர் போனால் ஒரு கிலோவில் தாமிரம் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே அளவைக் கூட்ட வேண்டாம்.

அம்மா, உங்கள் 4.8-க்கும் அதே சங்கதிதான் காரணமாக இருக்கலாம். பின்னாலிருந்து பாருங்கள். 6.48 நீரற்ற உப்பு. அதற்கு ஒரு நீர் 0.73 மி.கி. உங்கள் இரண்டாவது இறக்கம் சரியாக 0.73. கடைசிக் கறுப்பு தாமிர ஆக்சைடு, அதுவும் 6.48-க்கு உரிய 3.23-தான். ஆக தராசு ஒழுங்கு. குறை முழுவதும் முதல் இறக்கத்தில். அங்கே நான்குக்குப் பதில் 3.8 நீர். அதாவது லேசாகப் பிடித்திருந்த நீரில் கொஞ்சம், கோடு தொடங்குமுன்பே போய்விட்டது.

எங்கே போனது என்பதற்கும் வழி உண்டு. 6.48 நீரற்ற உப்பு தரும் முழு நீலப் படிகம் 10.14 மி.கி. இருக்க வேண்டும். கிண்ணத்தில் போடும்போது வெளியே எடுத்த எடை என்ன? 10.14-ஐ ஒட்டியிருந்தால், அடுப்பு மூடியபின் உலர்ந்த நைட்ரஜனில் காத்திருக்கும்போது இழந்தது. மென்பொருள் ஓட்டம் தொடங்கிய நொடியின் எடையைத்தான் 100% என்று எடுத்துக்கொள்ளும். வெளியேயும் 10.00 என்றால் சீசாவிலேயே வெளுத்த உப்பு. மாறாக, இழப்பு 36.1%-ஐத் தாண்டியிருந்தால் ஈரம் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

தம்பி, படிகத்தில் நீங்கள் சொன்ன அமைப்பு சரி. ஆனால் அந்த நான்கும் ஒன்றாகப் போவதில்லை. இரண்டு இரண்டாகப் போகின்றன. வேகமாகச் சூடேற்றினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இறக்கமாகத் தெரியும். இரண்டு போனதும் அமைப்பே மாறிவிடும். எத்தனை நீர் போனது என்று எடை சொல்லும், எந்த நீர் என்று சொல்லாது. உங்கள் பெயர்கள் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும்.

சொல்லுக்கு என் யோசனை: விழுவது ‘இறக்கம்’, சமமாக ஓடுவது ‘சமதளம்’. ஏற்காட்டுப் பாதையில் போய்வந்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியர், ஓமலூர்:
‘எடையறி’யில் எனக்கு உடன்பாடில்லை. உப்பு இழப்பது நிறை. ‘வெப்ப நிறையறி’ என்றிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர்:
சார், சூடேறும்போது சுற்றியுள்ள வாயு லேசாகி மிதப்பு குறையும். வெற்றுக் கிண்ணத்தை ஏற்றினாலே எடை கூடினாற்போல் காட்டும். அதற்காகத்தான் வெற்று ஓட்டத்தைக் கழிக்கிறோம். நிறை மாறினால் இப்படி ஆகுமா? கருவி உணர்வது எடைதான்.

இயற்பியல் ஆசிரியர்:
கழித்தபின் கையில் மிஞ்சுவது நிறைதானே! அதைத்தானே அறிகிறோம்?

கல்லூரி ஆசிரியை:
பதிவேட்டைப் பார்த்தேன். கிண்ணத்தில் போட்டது 10.13 மி.கி. ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வரிசையில் வைத்திருந்ததில் இந்தக் கிண்ணம் நெடுநேரம் காத்திருந்திருக்கிறது. இனிமேல் ஏற்றியதும் ஓட்டம். வெளி எடையையே தொடக்கமாக எடுத்துக் கணக்கிடுவோம்.

இறக்கம், சமதளம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். எடையா நிறையா என்பதற்கு இன்னும் இருவர் கருத்துச் சொல்லட்டும். அதுவரை தலைப்பில் ‘எடையறி’ நிற்கட்டும்.

முதுகலை மாணவர்:
அப்படியானால் 600-க்கு மேல் கந்தக ஆக்சைடு போவதும் ‘இறக்கம்’தானா? அங்கே உப்பே உடைகிறதே. நீர் போவதற்கும் உப்பு சிதைவதற்கும் ஒரே சொல் போதுமா?