கலைச்சொல் வேண்டும்: பக்கம் பக்கமாக நிற்கும் பட்டியலை ஒன்றன்கீழ் ஒன்றாக்குதல்

கதிர்:
வணக்கம். தேர்வு முடிவுப் பட்டியல்களில் தாள் மிச்சமாக, ‘பதிவெண், பெயர், மதிப்பெண்’ என்ற மூன்று நிரல்களையே ஒரு பக்கத்தில் மும்முறை அச்சிடுகிறார்கள். அதை மூன்றே நிரல் கொண்ட நீண்ட அட்டவணையாக்கும் வேலைக்குப் பெயர் வேண்டும். ‘தொகுதியடுக்கல்’ சரிவருமா?

மாலதி:
இது நிரை நிரல் மாற்றுதானே? பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது.

செல்வம்:
இல்லை அம்மா. அதில் நிரை நிரலாகிவிடும். இங்கே பதிவெண் பதிவெண் நிரலிலேயே இருக்கிறது, இடம் மட்டும் கீழே போகிறது. ‘தொகுதி’யும் வேண்டாம். ‘தொகுதி 4 முடிவு’ என்றாலே அரசுப் பணித் தேர்வுதான் நினைவுக்கு வரும். சேர்ந்து நிற்கும் மூன்று நிரல்களைப் ‘பாளம்’ எனலாம். வேலைக்குப் பெயர் ‘பாளமடுக்கல்’.

ஒரு பக்கத்துக்கு 50 வரி, மூன்று பாளம் என்றால் எக்செலில்:

```
=VSTACK(A2:C51, D2:F51, G2:I51)
```

கடைசிப் பக்கத்தில் பாளம் பாதியில் நின்றிருந்தால் வெற்றுக் கட்டங்கள் 0 என்று வரும். முடிவை மதிப்புகளாக ஒட்டிவிட்டு, பதிவெண் 0 உள்ள வரிகளை நீக்கிவிடுங்கள்.

இதைப் பக்கம் பக்கமாகத்தான் செய்ய வேண்டும். எல்லாப் பக்கங்களையும் முதலில் கீழே கீழே ஒட்டிவிட்டு அடுக்கினால், 50ஆம் ஆளுக்கு அடுத்து 151ஆம் ஆள் வந்து நிற்பார். தரவரிசைப் பட்டியலில் இது பெருந்தொல்லை. ஒரே மதிப்பெண் பெற்றவர்களின் முன்பின் கலைந்துவிடும், மறுபடி வரிசைப்படுத்தினாலும் மீளாது.

பாத்திமா:
என் தாளில் தமிழ், ஆங்கிலம், கணிதம் என்று மூன்று மதிப்பெண் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதையும் பாளமடுக்கிவிடலாமா?

செல்வம்:
அது வேறு வேலை. அங்கே ஒரு வரி ஒரு மாணவர். மதிப்பெண்ணைக் கீழே இறக்கினால் பதிவெண்ணை மூன்று முறை எழுத வேண்டியிருக்கும், பாடப்பெயருக்குப் புது நிரலும் வேண்டும். பாளத்தில் ஒரு வரியிலேயே தொடர்பில்லாத மூன்று பேர் இருப்பார்கள்.

கதிர்:
சில பட்டியல்களில் அடுத்த ஆள் கீழே இல்லை, வலப்பக்கப் பாளத்தில் இருக்கிறாரே?

செல்வம்:
A2-க்கு அடுத்த எண் A3-இல் இருக்கிறதா, D2-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். D2 என்றால்:

```
=WRAPROWS(TOROW(A2:I51), 3)
```

வெற்றிடத்தைத் தவிர்க்கலாம் என்று TOROW-க்கு 1 கொடுத்துவிடாதீர்கள். தேர்வுக்கு வராத ஒருவரின் மதிப்பெண் காலியாக இருந்தால் போதும், அவருக்குப் பின்னால் எல்லாம் ஒரு கட்டம் நகரும். மதிப்பெண் நிரலில் பதிவெண் தெரிந்தால் இதுதான் காரணம்.

கதிர்:
அப்படியானால் ‘நிரல்வழிப் பாளமடுக்கல்’, ‘நிரைவழிப் பாளமடுக்கல்’ என்று இரண்டாகப் பிரிப்போம்.

மாலதி:
நிரலும் நிரையும் பார்க்க ஒன்றுபோல் இருக்கின்றன. அவசரத்தில் படிப்பவர் மாற்றிப் படிப்பார். ‘கீழோட்டம்’, ‘குறுக்கோட்டம்’ வைக்கலாமே.

செல்வம்:
குறுக்கோட்டம் நன்றாயிருக்கிறது. ‘கீழோட்டம்’ என்றால் ஏதோ இறங்கிப் போவதுபோல் ஒலிக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள். ‘பாளமடுக்கல்’ வரை எனக்குச் சம்மதம்.