பிசிஓஎஸ்: சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறினால் போதுமா?

நிலா: எனக்கு பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, எடை 70 கிலோ, வீட்டில் டம்பெல் பயிற்சி செய்கிறேன். சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் கொழுப்பு கரையும், பலமும் ஏறும் என்று கண்ணன் அண்ணா எழுதியிருந்தார். மாறிவிட்டேன், ஆனால் தூக்கும் எடை ஏறவில்லை, பதினோரு மணிக்கே பசிக்கிறது. ஏன்?

தேவி_பளு: கண்ணன் சார், திரும்பவும் ஆரம்பித்துவிட்டீர்களா? 50 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் மூன்றரை கிராம்தான். அரிசியிலும் கிட்டத்தட்ட அதேதான். நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையும் சட்டென்று ஏறும். பிசிஓஎஸ்ஸில் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அந்த உடம்புக்கு அது எதற்கு? நிலா, காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறாய், ஒளிக்காமல் எழுது.

கண்ணன்_சிறுதானியம்: அம்மணி, எங்கள் பாட்டி கூழ் குடித்துத்தான் நெல் மூட்டை தூக்கினார். கேழ்வரகில் இருக்கும் கால்சியமும் நார்ச்சத்தும் உங்கள் வெள்ளைச் சோற்றில் இருக்கிறதா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

தேவி_பளு: கால்சியம் நிறைய இருக்கிறது, நான் எங்கே மறுத்தேன்? கேள்வி பலத்தைப் பற்றி. உங்கள் பாட்டி பகலெல்லாம் வயலில் நின்றவர், நிலா நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்.

நிலா: காலையில் பால் ஊற்றி நாட்டுச்சர்க்கரை போட்ட கஞ்சி. மதியம் வரகுச் சாதம், சாம்பார், பொரியல். சாயங்காலம் டீ, பிஸ்கட். இரவு இரண்டு சப்பாத்தி, குருமா. முட்டை சாப்பிடுவேன்.

தேவி_பளு: கூட்டிப் பார். காலையில் 10 கிராம் புரதம், மதியம் 12, டீ பிஸ்கட்டில் 3, இரவில் 8. மொத்தம் 33. பளு தூக்குகிற உனக்கு 90 கிராமாவது வேண்டும். இங்கே தானியம் மாறியதே தவிர புரதம் ஏறவில்லை, பசி அதனால்தான். காலையில் இரண்டு இட்லியோடு மூன்று முட்டை வை, அதிலேயே 18 கிராம். மதியம் சோறே சாப்பிடு, ஒரு கப்போடு நிறுத்திக்கொண்டு 50 கிராம் சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து மிளகு போட்டு வதக்கிச் சேர்த்துக்கொள், 26 கிராம். பிஸ்கட் இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் ஒரு சப்பாத்தி, 100 கிராம் பனீர், தயிர். தானியத்தில் வருவதையும் சேர்த்தால் 90 தாண்டிவிடும். இதை அந்தச் சாப்பாட்டின் மேல் கூடுதலாக வைக்காதே, இதுதான் சாப்பாடு. பனீர் வதக்க எண்ணெயை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்.

ராஜி_அக்கா: சோயாவா? நான் தைராய்டு மாத்திரை போடுகிறேன், முட்டைக்கோஸ்கூடத் தொடுவதில்லை. எனக்கு எடை குறைந்தது இரவுச் சாப்பாட்டை நிறுத்தித்தான். நிலா, நீயும் நிறுத்திப் பாரேன்.

தேவி_பளு: ராஜி அக்கா, அவள் தைராய்டு கேட்கவில்லை. உங்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள், அது உண்மையான விஷயம். ஆனால் பளு தூக்குகிற பெண்ணைப் பட்டினி போடச் சொல்லாதீர்கள். எடை குறையும், தசையும் சேர்ந்து போகும்.

ராஜி_அக்கா: அனுபவத்தைச் சொன்னால் கோபம் வருகிறது. போன தடவையும் இப்படித்தான் பேசினாய், மறக்கவில்லை.

கண்ணன்_சிறுதானியம்: சோயாவை எங்கள் வீட்டில் தொடவே மாட்டோம். நான் சொன்னது முதல் நாள் காய்ச்சி இரவெல்லாம் புளித்த கூழ், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது. நாட்டுச்சர்க்கரையை நானா போடச் சொன்னேன்?

தேவி_பளு: புளித்து ஆறிய கூழில் கொஞ்சம் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும், சரி. அதிலும் புரதம் அதே மூன்றரை கிராம்தான். 2023-இல் வந்த பிசிஓஎஸ் சர்வதேச வழிகாட்டுதலில் இந்த ஒரு உணவுமுறைதான் சிறந்தது என்று எதையுமே சொல்லவில்லை, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி செய்யச் சொல்கிறது. சோற்றை வில்லனாக்கியது நீங்கள்தான்.

கண்ணன்_சிறுதானியம்: வெள்ளைக்காரன் வழிகாட்டுதலுக்குக் கூழ் தெரியுமா? சோறு சோறுதான்.

நிலா: அக்கா, நான் மெட்ஃபார்மின் மாத்திரையும் போடுகிறேன். மாற்றினால் சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

தேவி_பளு: மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம், மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள். அப்புறம் தராசை மட்டும் நம்பாதே. தொப்புளுக்கு நேராக இடுப்பில் டேப் வைத்து அள, தூக்கிய எடையை நோட்டில் எழுது. இடுப்பு குறைந்து டம்பெல் ஏறினால் சரியான பாதை. டம்பெல்லும் இறங்கி, மாதவிடாயும் தள்ளிப் போனால் சாப்பாட்டை அளவுக்கு மேல் குறைத்திருக்கலாம்.

ராஜி_அக்கா: எனக்கு மட்டும் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னதில்லை.

கண்ணன்_சிறுதானியம்: நிலா, நாளைக்கு நாட்டுச்சர்க்கரை இல்லாமல் கூழ் குடித்துப் பார் அம்மா.

தேவி_பளு: மூன்றரை கிராம், கண்ணன் சார். மூன்றரை.