புதுப்பிப்பு: ரீஃபண்டில் காணாமல் போன 79 ரூபாய்

முன்பு நான் கேட்டது: "450 ரூபாய் குர்தியைத் திருப்பி அனுப்பினேன், 371தான் வந்திருக்கிறது. மீதி எங்கே?"

கணக்கு இப்போது புரிந்துவிட்டது. 649க்கு ஒன்று, 450க்கு ஒன்று, ஆக பில் 1,099. அந்தக் கடையில் 999க்கு மேல் போனால் டெலிவரி இலவசம். ஒன்றைத் திருப்பியதும் என்னிடம் மிஞ்சியது 649 மட்டும். அதனால் முதலில் வாங்காமல் விட்ட டெலிவரிக் கட்டணத்தை ரீஃபண்டில் பிடித்துக்கொண்டார்கள். ரிட்டர்ன் விதிகளில் ஒரு வரியாக இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

"பார்சலைத் திரும்ப எடுக்க வந்தவருக்கான கூலி" என்று ஒருவர் சொன்னது பாதி சரி. டெலிவரிக் காசுதான், ஆனால் கொண்டுவந்து கொடுத்ததற்கு. இன்னொருவர் தன்னுடைய சிஓடி கட்டணம் திரும்பி வராத கதையைச் சொன்னார். அது வேறு கதை, பாவம்.

உண்மையில் உதவியது, இப்படியொரு கடையில் ரிட்டர்ன் பிரிவில் இருந்த அக்கா கேட்ட ஒரே கேள்வி: "காரணம் என்னன்னு போட்டீங்க?" 'சைஸ் பொருந்தவில்லை' என்று போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் அது நம் விருப்பத்துக்குத் திருப்பியதாகிவிடுமாம். ஆனால் நான் ஆர்டர் செய்தது எல், லேபிளில் இருந்தது எம். தப்பு அவர்களுடையது. நல்லவேளை, லேபிளைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதையும் ஆர்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினேன்.

4 நாளில் 79 வந்தது, ஆனால் அவர்களுடைய வாலட்டில். வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லி எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.