நாலு பக்கமும் புறாவால்: கதையில் ஆசாரி சொல்வது சரியா?

பனையோலை:
ஒரு சிறுகதை எழுதி முடித்திருக்கிறேன். நாகர்கோவில் பக்கத்து ஆசாரி ஒருவரிடம், புது வீடு கட்டியவர் ஏஐ வரைந்த சாப்பாட்டு மேசைப் படத்தைக் கைப்பேசியில் காட்டுகிறார். ஆறுக்கு மூன்றடி, முழுத் தேக்கு. மேல்பலகையைச் சுற்றி நாலு அங்குலச் சட்டம், மூலைகள் 45 டிகிரி வெட்டு. காலில் மேல்பாதி தேக்கு, கீழ்ப்பாதி ஈட்டி மரம். இரண்டும் சேரும் இடத்தில் நாலு பக்கமும் புறாவால், அதாவது புறாவின் வால்போல முனை விரிந்த இணைப்பு, தெரிகிறது. ஆசாரி சிரிக்கிறார். “இந்தப் பக்கம் சொருகினா அந்தப் பக்கம் இடிக்கும். பிரம்மாவே வந்தாலும் சேராது.” அப்புறம் சாதாரணத் துளையும் அதில் நுழையும் கழுந்தும் போட்டு அதே மேசையைச் செய்து கொடுத்து ஜெயிக்கிறார். தச்சு தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நம்பும்படி இருக்கிறதா?

உளிச்சத்தம்:
இல்லை. அந்தப் புறாவால் சேரும்.

மேலிருந்து இறக்கவோ நேராகப் பக்கத்திலிருந்து தள்ளவோ நினைத்தால்தான் இடிக்கும். உள்ளே காடி, அதாவது செதுக்கிய பள்ளம், மூலைவிட்டமாக ஓடுகிறது. ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு காடி. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் வெளியே வரும். மூலையைப் பார்த்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பயிற்சிக் காலத்தில் இரண்டு அங்குலக் கட்டையில் செய்து பார்த்திருக்கிறேன். ரம்பம் ஒரு நூல் விலகியதால் முதல் கட்டை விறகானது, இரண்டாவது சேர்ந்தது. ஜப்பானில் ஒசாகா கோட்டையின் பெரிய வாயில் தூணிலும் இப்படிப் பார்ப்பவரை ஏமாற்றும் ஒரு இணைப்பு இருக்கிறது. எப்படிச் சொருகினார்கள் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்து, எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் பிடிபட்டது.

அனுபவமுள்ள ஆசாரி இதைப் பார்த்து “முடியாது” என்று சிரிக்க மாட்டார். “எதுக்குங்க?” என்றுதான் கேட்பார். சொருகிய வழியிலேயே கழன்றும் வரும் என்பதால் பசையையோ ஒரு மூங்கில் ஆணியையோ நம்பித்தான் அது நிற்க வேண்டும்.

ரெண்டர் ராஜா:
நான் இன்டீரியர் டிசைனர். இந்த மாதிரிக் கதைகளில் படம் போடுகிறவன் எப்போதும் முட்டாள், உளி பிடித்தவன் எப்போதும் ஞானி. படம் காட்டுவது சாயலுக்காக. மற்றபடி இன்றைக்கு கணினி சொல்படி வெட்டும் சிஎன்சி மெஷினுக்குக் கோப்பு கொடுத்தால் எந்த இணைப்பையும் வெட்டித் தந்துவிடும். கையால் முடியுமா என்ற கேள்வியே பழசு.

உளிச்சத்தம்:
பாதி சரி, ராஜா சார். மெஷினில் சுழன்று வெட்டும் பிட் உருண்டை. 6 மில்லி பிட் உள்மூலையில் 3 மில்லி வளைவை விட்டுவிட்டுத்தான் போகும். கூர்மூலை வேண்டுமென்றால் யாராவது உளியோடு உட்கார வேண்டும். இல்லை, கழுந்தின் மூலையையும் வளைத்துக்கொள்ள வேண்டும். அதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். நீங்கள் இரண்டு பேருமே காலைப் பார்க்கிறீர்கள். தப்பு மேலே இருக்கிறது.

பனையோலை, நிஜமாகவே படம் ஒன்றை வரவழைத்துப் பார்த்துத்தான் எழுதினீர்களா? பலகையின் குறுக்கு முனையில் என்ன தெரிகிறது?

பனையோலை:
ஆமாம், பார்த்துத்தான் எழுதினேன். குறுக்கு முனையிலும் மேல்பக்கம் போலவே நீளநீளமான கோடுகள். மூலையில் 45 டிகிரி வெட்டுக்கோடு இருக்கிறது, ஆனால் மரத்தின் ரேகை அதைத் தாண்டி நேராக அடுத்த சட்டத்துக்குள் போய்விடுகிறது.

உளிச்சத்தம்:
உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் ரேகை அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். மூலைவெட்டில் இரண்டு ரேகையும் செங்கோணமாக முட்டித் திரும்பும், தாண்டிப் போகாது. படத்தில் போல ரேகை தாண்டிப் போனால், அந்தக் குறுக்கு முனையில் மரத்தின் வளையம் வில்வில்லாகத் தெரிய வேண்டும், நீளக்கோடு தெரியக் கூடாது. படத்தில் இருப்பது மரத்தாள் ஒட்டிய பெட்டி.

ரேகையைத் திருத்தி வரைந்தாலும் மேசை நிற்காது. சட்டம் போக உள்பலகை 28 அங்குல அகலம், அதாவது 700 மில்லிக்குக் கொஞ்சம் மேல். மழைக்காலத்துக்கும் ஏசி அறைக்கும் மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். தேக்கு அதிகம் அசையாத மரம்தான், ஆனாலும் பக்கவாட்டில் அறுத்த பலகை அந்த அகலத்துக்கு 5 மில்லி வரை போய் வரும். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் குறுக்குச் சட்டம் அசையாது. மழையில் உள்பலகை ஊதி நெடுக்குச் சட்டங்களை வெளியே தள்ளும், மூலைகள் வாய் திறக்கும். ஏசியில் சுருங்கும்போது பசை விடாமல் பிடித்தால் பலகை நடுவில் பிளக்கும்.

திருச்சி மாமி:
எங்க வீட்டு மேசையைத்தான் சொல்றீங்க! போன வருஷம் இதே மாதிரி படத்தைக் காட்டி ஒரு கடையில் செய்து வாங்கினோம். பேர் வேண்டாம். பங்குனியில் வந்தது, கண்ணாடி மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் நாலு மூலையும் விட்டுப்போச்சு, ஒரு மூலையில் பழைய ஒரு ரூபாய்க் காசு நிற்கும். கடைக்காரர் பொடியும் பசையும் வைத்து அடைத்தார். தையில் ஏசி ஆள் வந்து சரிபண்ணிப் போன பிறகு நடுவில் கோடு. மரம் பச்சையாக இருந்ததுன்னு ஆசாரியைத் திட்டினேன். தப்பா திட்டிட்டேனோ?

உளிச்சத்தம்:
பாதிதாம்மா. மரம் பச்சையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் காய்ந்த மரமே இந்த அமைப்பில் அப்படித்தான் செய்யும். முன்பே சொல்லாதது அவர் தப்பு.

குமரிக்காரன்:
ஆறுக்கு மூணு தேக்கு மேசைக்கு என்ன செலவாகும்? நிலம்பூர் தேக்கு கிடைக்குமா?

ரெண்டர் ராஜா:
குமரி சார், தனி இழை தொடங்குங்க.

உளிச்சத்தம், முழுத் தேக்கு என்று ஏன் பிடிவாதம்? பிளைவுட்டில் மெல்லிய தேக்கு வெனீர்த் தாள் ஒட்டி, சுற்றிலும் சட்டம் அடித்தால் இதே படம் அப்படியே நிற்கும். நான் வாரத்துக்கு இரண்டு செய்கிறேன், ஒன்றும் விரிவதில்லை.

உளிச்சத்தம்:
நிற்கும். நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். பிளைவுட்டில் தாள்கள் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பதால் அது அவ்வளவாக அசையாது. ஆனால் கதையில் வீட்டுக்காரர் முழுத் தேக்கு கேட்கிறார்.

முழு மரத்தில் நானாக இருந்தால் நெடுக்குச் சட்டத்தை எடுத்துவிடுவேன். இரண்டு முனையில் மட்டும் குறுக்குப் பலகை. மேல்பலகை முனையில் மூன்று கழுந்து. நடுக் கழுந்து இறுக்கம், அதற்கு மட்டும் பசை. ஓரத்துக் கழுந்துகளுக்குத் துளையைப் பக்கவாட்டில் நீட்டிவிடுவேன், ஆணி போகும் ஓட்டையையும் அந்தக் கழுந்தில் நீளமாக்குவேன். பலகை ஆணியில் தொங்கிக்கொண்டு போய் வரும். இப்போது மூன்றடி அகலமும் அசையும் என்பதால் பக்கத்துக்கு 3 மில்லி. மழையில் மேல்பலகை முனைப்பலகையை விட அந்த அளவு வரை வெளியே நிற்கும், வெயிலில் உள்ளே போகும். விரலால் தடவினால் படி தட்டுப்படும். அதைப் பார்த்து “அளவு தப்பு” என்று எனக்கு எத்தனை போன் வந்திருக்கிறது தெரியுமா!

கிழக்குவாசல்:
தச்சுப் பாடம் போதும், கதைக்கு வருவோம். ஆசாரி எல்லாம் தெரிந்தவராக இருந்தால் அது கதையில்லை, கையேடு. அவர் புறாவாலைப் பார்த்து “பிரம்மாவாலும் ஆகாது” என்று சொல்லித் தப்பாகவே இருக்கட்டும். ராத்திரி பட்டறையில் தனியாக உட்கார்ந்து கட்டையை மூலைவாக்கில் தள்ளிப் பார்க்கட்டும், அது சேர்ந்துவிடட்டும். படத்துக்குத் தெரியாமலேயே படம் சரி.

உளிச்சத்தம்:
அந்த இடம் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் காலையில் தப்புச் சொன்ன ஆசாரி மேல்பலகையையும் கவனிக்காமல் விட்டால், தச்சன் எவனும் படித்துவிட்டு நம்ப மாட்டான். காலைப் பார்த்து ஏமாறலாம், ரேகையைப் பார்த்து ஏமாற மாட்டார்.

ரெண்டர் ராஜா:
ஏன் மாட்டார்? மாமியின் ஆசாரி செய்து கொடுத்தாரே.

பனையோலை:
இரண்டு பேர் சொல்வதும் இடிக்கிறது. முடிவை மாற்றுகிறேன். ஆசாரி முனைப்பலகை வைத்துச் செய்கிறார். ஐப்பசியில் வீட்டுக்காரர் கூப்பிட்டு, விரலை ஓரத்தில் தடவிக் காட்டி, கைப்பேசிப் படத்தைப் பக்கத்தில் வைக்கிறார். ஆசாரி என்ன சொல்வார் என்று இன்னும் தெரியவில்லை.

திருச்சி மாமி:
தையில் வந்து பாருங்கன்னு சொல்வார். நான் அந்த வீட்டுக்காரரா இருந்தா இழைப்புளியை எடுத்து இப்பவே சீவச் சொல்லுவேன்.

உளிச்சத்தம்:
ஐயோ, சீவினால் தையில் உள்ளே போய்விடும் அம்மா!