புதுப்பிப்பு: காரைக்குடி நகைச்சீட்டு, அட்டையின் பின்பக்கம்

முன்பு நான் கேட்டது: "மாசம் 5,000 வீதம் 11 மாசம் கட்டினா 12வது தவணையைக் கடையே போடுமாம், விலையையும் பூட்டிருவாங்களாம். ஆச்சி பேர்ல சேரலாமா?"

பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். தவணைகள் அன்றன்றைய விலையில் கிராமாக வரவாகும், அதுதான் பூட்டு. கடை போடும் 12வது தவணை எடையாக வராது. அதற்குப் பதில் 12 சதவீதம் வரை சேதாரம் தள்ளுபடி, அவ்வளவே. ஒரு தவணை தவறினால் அதுவும் கிடையாது.

5 கிராம் சேர்ந்ததாக வைப்போம். ஆச்சி ஆசைப்படும் சங்கிலிக்குச் சேதாரம் 18 சதவீதம், அதாவது 0.9 கிராம். தள்ளுபடி 0.6 போக மீதி 0.3 கிராமுக்கு வாங்கும் நாள் விலை. பூட்டு அங்கே செல்லாது! 3 சதவீத ஜிஎஸ்டி தனி.

நகைக்கடையில் பில் போட்ட தேவகோட்டை அண்ணன், "சேதாரம் எத்தனைன்னு சேரும்போதே எழுதி வாங்குங்க" என்றார். கேட்டேன், மேனேஜர் சிரித்தார், எழுதித் தரவில்லை.

"11 மாசம்னா அரசாங்கப் பாதுகாப்பு" என்று என் கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னது பாதி சரி. கம்பெனிகள் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தரணும், இல்லாவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வரும். அதனால்தான் 11 மாசம். கடை மூடினால் வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் காப்பீடு இதற்கு இல்லை.



ஆச்சி இன்னும் சேரணும் என்கிறார்.